இரு திரவக் கலவையின் ஆவி அழுத்தம்: மோல் பின்னம் வழியே ஒரு கணக்கு

மூடிய கலத்தில் ஒரு திரவத்தைப் பாதியளவு ஊற்றி, மேலே உள்ள காற்றை முழுவதும் உறிஞ்சி எடுத்துவிட்டால், அந்த வெற்றிடம் வெகுநேரம் வெற்றிடமாக இருப்பதில்லை. திரவத்தின் மேற்பரப்பிலிருந்து மூலக்கூறுகள் ஆவியாக வெளியேறத் தொடங்குகின்றன. வெளியேறியவற்றில் சில மீண்டும் திரவத்திற்குள் விழுகின்றன. வெளியேறும் வேகமும் திரும்பும் வேகமும் சமமானதும் ஆவியின் அளவு நிலைபெறுகிறது. அந்த நிலையில் ஆவி கலத்தின் சுவர்மேல் செலுத்தும் அழுத்தமே ஆவி அழுத்தம். திரவம் எது, வெப்பநிலை எவ்வளவு என்ற இரண்டை மட்டுமே அது சார்ந்தது. கலத்தில் திரவம் கொஞ்சமாக இருந்தாலும் நிறைய இருந்தாலும் ஆவி அழுத்தம் மாறாது.

25 டிகிரி செல்சியஸில் தூய பென்சீனின் ஆவி அழுத்தம் சுமார் 95 மில்லிமீட்டர் பாதரசம். தூய டொலுவீனுடையது சுமார் 28. இரண்டில் பென்சீனே எளிதில் ஆவியாகிறது என்பதை இந்த எண்களே காட்டுகின்றன. இந்த இரண்டையும் ஒரே கலத்தில் கலந்தால் மேலே உருவாகும் மொத்த அழுத்தம் என்ன?

95ஐயும் 28ஐயும் அப்படியே கூட்டி 123 என்று சொல்லிவிடத் தோன்றும். அது தவறு. கலவையில் பென்சீன் மூலக்கூறுகளுக்கிடையே டொலுவீன் மூலக்கூறுகளும் கலந்து நிற்கின்றன. மேற்பரப்பிலும் அப்படித்தான். ஆகவே தூய பென்சீனிலிருந்து ஒரு நொடியில் வெளியேறும் அளவுக்குப் பென்சீன் மூலக்கூறுகள் கலவையிலிருந்து வெளியேற முடியாது. கலவையிலுள்ள மூலக்கூறுகளில் பாதி பென்சீனாக இருந்தால், வெளியேறும் வேகமும் பாதியாகிறது; அதன் அழுத்தமும் பாதியாகிறது. பிரான்சின் கிரனோபிள் பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய பிரான்சுவா மரி ரவுல்ட் 1880களில் பல கரைசல்களின் ஆவி அழுத்தத்தை அளந்து இந்த உறவை நிறுவினார். கலவையில் ஒரு பொருளின் ஆவி அழுத்தம், அப்பொருள் தூய நிலையில் தரும் அழுத்தத்தை அதன் மோல் பின்னத்தால் பெருக்கினால் கிடைக்கும் என்பதே ரவுல்ட் விதி.

மோல் பின்னம் என்பது எண்ணிக்கையில் ஒரு பொருளின் பங்கு. ஆவியாவதைத் தீர்மானிப்பது மூலக்கூறுகளின் எண்ணிக்கைதான், அவற்றின் எடை அல்ல. அதனால் கிராமில் உள்ள அளவை முதலில் மோலாக மாற்றிக்கொள்ள வேண்டும். 100 கிராம் பென்சீனையும் 100 கிராம் டொலுவீனையும் கலந்ததாகக் கொள்வோம். பென்சீனின் மோலார் நிறை 78.1 கிராம், எனவே 100 கிராமில் 1.28 மோல் உள்ளது. டொலுவீனின் மோலார் நிறை 92.1 கிராம், அதன் 100 கிராமில் 1.09 மோல் உள்ளது. மொத்தம் 2.37 மோல். பென்சீனின் மோல் பின்னம் 1.28ஐ 2.37ஆல் வகுக்கக் கிடைக்கும் 0.54. எஞ்சிய 0.46 டொலுவீனுடையது. இரண்டையும் கூட்டினால் 1 வர வேண்டும். வராவிட்டால் முந்தைய படியில் எங்கோ பிழை இருக்கிறது.

இனி ஒவ்வொன்றின் பகுதி அழுத்தத்தையும் கண்டு, இரண்டையும் கூட்ட வேண்டும். ஆவிக் கலவையின் மொத்த அழுத்தம் அதிலுள்ள பகுதி அழுத்தங்களின் கூட்டுத்தொகை என்பது டால்டன் விதி.

பென்சீன்: 0.54 × 95 = 51.3
டொலுவீன்: 0.46 × 28 = 12.9
மொத்தம்: 64.2 மில்லிமீட்டர் பாதரசம்

விடையைச் சரிபார்க்க எளிய வழி ஒன்று உண்டு. ரவுல்ட் விதியைப் பின்பற்றும் கலவையின் மொத்த அழுத்தம், இரு தூய திரவங்களின் அழுத்தங்களுக்கு இடையில்தான் இருக்க முடியும். இங்கே அது 28க்கும் 95க்கும் இடையில் இருக்க வேண்டும், 64.2 அப்படியே இருக்கிறது. 123 என்ற விடை இந்தச் சோதனையில் உடனே மாட்டிக்கொள்கிறது. ஆனால் எடைப் பங்கை மோல் பின்னமாக எடுத்துக்கொள்ளும் பிழை இதில் சிக்காது. எடையில் பாதிக்குப் பாதி என்று 0.5ஐப் போட்டால் 61.5 வரும், அதுவும் 28க்கும் 95க்கும் இடையில்தான் உள்ளது. கிராமை மோலாக மாற்றினோமா என்பதைத் தனியே பார்த்தாக வேண்டும்.

இதே கணக்கு இன்னொரு செய்தியையும் தருகிறது. மொத்த அழுத்தமான 64.2இல் பென்சீனின் பங்கு 51.3, அதாவது ஆவியில் பென்சீனின் மோல் பின்னம் 0.80. திரவத்தில் 0.54ஆக இருந்த பென்சீன் ஆவியில் 0.80ஆக உயர்ந்திருக்கிறது. இந்த ஆவியைத் தனியே எடுத்துக் குளிரவைத்தால், 0.80 பென்சீன் கொண்ட புதிய திரவம் கிடைக்கும். அதன்மேல் 25 டிகிரியில் உண்டாகும் அழுத்தம் 0.80 × 95, 0.20 × 28 இரண்டையும் கூட்டிய 81.6. அதில் பென்சீனுடையது 76. ஆகவே புதிய ஆவியில் பென்சீன் 0.93. இப்படி ஆவியாக்குவதையும் குளிரவைப்பதையும் திரும்பத் திரும்பச் செய்து இரு திரவங்களையும் பிரிப்பதே பின்னக் காய்ச்சி வடித்தல். திரவத்தின் மோல் பின்னத்தையும் ஆவியின் மோல் பின்னத்தையும் ஒன்றெனக் கொள்வது இக்கணக்கில் அடிக்கடி நேரும் மற்றொரு பிழை. மொத்த அழுத்தத்தைக் காண ரவுல்ட் விதியில் இட வேண்டியது திரவத்தின் மோல் பின்னமே.

பென்சீனும் டொலுவீனும் இவ்விதிக்கு இவ்வளவு நன்றாக உடன்படக் காரணம், அவற்றின் மூலக்கூறுகள் வடிவிலும் தன்மையிலும் ஒத்திருப்பது. டொலுவீன் என்பது பென்சீன் வளையத்தில் ஒரு மெத்தில் தொகுதி சேர்ந்ததுதான். பென்சீன் மூலக்கூறு தன் இனத்தோடு கொள்ளும் ஈர்ப்பும் டொலுவீனோடு கொள்ளும் ஈர்ப்பும் ஏறக்குறைய சமம். கலக்கும்போது வெப்பம் குறிப்பிடத்தக்க அளவில் வெளிப்படுவதுமில்லை, உறிஞ்சப்படுவதுமில்லை. கன அளவும் மாறுவதில்லை எனலாம். இத்தகைய கலவையே நல்லியல்புக் கரைசல்.

எல்லாக் கலவைகளும் அப்படியல்ல. அசிட்டோனும் குளோரோஃபார்மும் கலக்கும்போது அவற்றின் மூலக்கூறுகளுக்கிடையே ஹைட்ரஜன் பிணைப்பு உண்டாகிறது. ஒன்றையொன்று பிடித்துக்கொள்வதால் இரண்டுமே வெளியேறத் தயங்குகின்றன. அளந்து பார்த்தால் அழுத்தம் கணக்கிட்டதைவிடக் குறைவாக இருக்கிறது, கலவையும் சூடாகிறது. எத்தனாலும் நீரும் இதற்கு நேர்மாறு: அவற்றின் கலவைமேல் அழுத்தம் கணக்கிட்டதைவிடக் கூடுதல். அதனால்தான் சாதாரண வளிமண்டல அழுத்தத்தில் எடையில் ஏறத்தாழ 95.6 விழுக்காடு எத்தனால் என்ற நிலையை எட்டியதும், திரவத்திலும் ஆவியிலும் பங்கு ஒன்றாகிவிடுகிறது. மேலும் காய்ச்சி வடித்தாலும் எத்தனாலின் பங்கு உயர்வதில்லை. எண்ணெயும் நீரும்போலக் கலக்கவே கலக்காத இரு திரவங்களுக்கு ரவுல்ட் விதி பொருந்தாது. அங்கே ஒவ்வொன்றும் தன் முழு ஆவி அழுத்தத்தைத் தருவதால், தூய அழுத்தங்களை அப்படியே கூட்டுவதுதான் சரி.

ஆகவே கணக்கைத் தொடங்குமுன் மூன்றைப் பார்த்துக்கொள்ள வேண்டும்: இரு திரவங்களும் முழுமையாகக் கலக்கின்றனவா, அவற்றின் மூலக்கூறுகள் ஒத்த தன்மை உடையனவா, எடுத்துக்கொண்ட தூய ஆவி அழுத்தங்கள் இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு உரியவையா. மூன்றுக்கும் விடை ஆம் என்றால், ரவுல்ட் விதி தரும் எண்ணை நம்பலாம்.