புது சிம்மில் பழைய ஆளின் கணக்கு

என் தங்கை மகன் கல்லூரி விடுதிக்குப் போகும்போது புது சிம் வாங்கினான். முதல் வாரத்திலேயே யாரோ ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி ஆறேழு பேர் அழைத்துவிட்டார்கள். நகைக்கடன் வட்டி பாக்கி என்று குறுஞ்செய்தி வந்தது. பிறகு யுபிஐ செயலியில் ஒரு வங்கியைத் தேர்ந்தெடுத்தான். அவனுக்குத் தெரியாத ஒரு கணக்கின் கடைசி நான்கு இலக்கங்கள் திரையில் வந்தன. "மாமா, இது யாரோட கணக்கு?" என்று பயந்துபோய்க் கேட்டான்.

அங்கே யாரும் எதையும் திருடவில்லை. கைபேசி எண் நமக்குச் சொந்தமானது அல்ல, பயன்படுத்தும்வரை நம்மிடம் விடப்பட்டிருப்பது. ப்ரீபெய்டு எண்ணை 90 நாள் தொடர்ந்து பயன்படுத்தாவிட்டால் நிறுவனம் அதைத் துண்டிக்கலாம் என்பது டிராய் விதி. கணக்கில் 20 ரூபாய் இருந்தால் அதைக் கழித்துக்கொண்டு மேலும் 30 நாள் விட்டுவைப்பார்கள். துண்டித்த பிறகும் பணம் கட்டி மீட்க 15 நாள் உண்டு. இதில் பலர் ஏமாறும் இடம் ஒன்று இருக்கிறது. அழைப்பு வந்தாலோ போனாலோ, நாம் குறுஞ்செய்தி அனுப்பினாலோ, டேட்டா ஓடினாலோதான் 'பயன்பாடு'. வங்கியிலிருந்து ஓடிபி வந்துகொண்டிருப்பது அந்தக் கணக்கில் சேராது. ஓடிபிக்காக மட்டும் பெட்டியில் போட்டு வைத்திருக்கும் இரண்டாவது சிம் இப்படித்தான் கைவிட்டுப் போகிறது.

துண்டித்த எண்ணைக் குறைந்தது 90 நாளுக்கு வேறு யாருக்கும் தருவதில்லை என்று டிராய் 2023 நவம்பரில் உச்ச நீதிமன்றத்தில் ஒரு வழக்கில் சொன்னது. ஜனவரி 10-ஆம் தேதி கடைசியாகப் பயன்படுத்திய எண், கணக்கில் பணமும் இல்லையென்றால், ஏப்ரல் 10 வாக்கில் துண்டிக்கப்படலாம். ஜூலை இரண்டாம் வாரத்துக்குப் பிறகு அது இன்னொருவர் கையில் இருக்கக்கூடும். அதே வழக்கில், எண்ணை விடும் முன் தன் தகவல்களைப் பாதுகாத்துக்கொள்வது சந்தாதாரரின் வேலை என்றது நீதிமன்றம்.

வங்கியின் பதிவேட்டில் அந்தப் பெண்ணின் பெயருக்கு எதிரே பத்து இலக்கம் எழுதியிருக்கிறது, அவ்வளவுதான். எண் கைமாறியதை யாரும் போய்ச் சொல்லாதவரை வங்கிக்குத் தெரியாது. இதற்காகத்தான் நிரந்தரமாகத் துண்டிக்கப்பட்ட எண்களின் பட்டியல் வெளியிடப்படுகிறது. அதைப் பார்த்துப் பதிவேடுகளைச் சரிசெய்யும்படி 2025 ஜனவரியில் ரிசர்வ் வங்கி தன் கட்டுப்பாட்டிலுள்ள நிறுவனங்களுக்குச் சொன்னது. நல்ல ஏற்பாடுதான். ஆனால் மின்னஞ்சல், கடைகளின் செயலிகள், காப்பீட்டு முகவரின் நோட்டு ஆகியவற்றை அந்த உத்தரவு எட்டாது.

கணக்கு திரையில் தெரிந்தால் பணத்தை எடுத்துவிட முடியுமா? உடனே முடியாது. யுபிஐ பின் அமைக்க டெபிட் கார்டின் கடைசி ஆறு இலக்கமும் காலாவதித் தேதியும் வேண்டும். இல்லையென்றால் ஆதார் வழி ஓடிபி. ஆதாரிலும் அதே பழைய எண் இருந்தால் அந்த ஓடிபியும் புது ஆளின் கைக்கே வரும். ஆதார் எண்ணும் அவருக்குத் தெரிந்துவிட்டால் பூட்டு திறந்த மாதிரிதான். எனவே எண்ணை மாற்றும் எண்ணம் வந்ததும், பழைய சிம் உயிரோடு இருக்கும்போதே முதலில் ஆதார், அடுத்து வங்கி, பிறகு மின்னஞ்சலின் மீட்பு எண் என்ற வரிசையில் மாற்றுங்கள். வாட்ஸ்அப்பில் 'எண்ணை மாற்று' என்று தனி வசதியே இருக்கிறது.

புது எண் கிடைத்தவருக்கும் பொறுப்பு உண்டு. அடுத்தவருக்கு வந்த ஓடிபியை மோசடியாகப் பயன்படுத்தினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66சி பிரிவில் மூன்றாண்டு வரை சிறை. எங்கள் பையன் அந்தச் செயலியை அப்படியே மூடினான். 'இந்த எண் இப்போது என்னுடையது, நீக்குங்கள்' என்று எழுதி, சிம் வாங்கிய ரசீதின் நகலோடு வங்கிக் கிளையில் கொடுத்து, பெற்றுக்கொண்டதாக முத்திரை வாங்கினான். கடன் நிறுவனத்துக்கும் அதே கடிதம் போனது. வசூல் அழைப்புகளைக் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் செய்யக் கூடாது என்ற ரிசர்வ் வங்கி விதியையும் அதில் எழுதச் சொன்னேன்.

சில வாரம் கழித்து ஒரு பெரியவர் அழைத்தார். "தம்பி, அது என் மக நம்பர்தான்ப்பா. இப்ப ஒரு ஓடிபி வந்திருக்கும், சொல்லேன்." உண்மையிலேயே அப்பாவாக இருக்கலாம், அவளுடைய ஆதார் நகலை வைத்திருக்கும் வேறு யாராகவும் இருக்கலாம். குரலை வைத்து அதைக் கண்டுபிடிக்க வழியில்லை. பையன் ஓடிபியைச் சொல்லவில்லை. "ஐயா, அக்காவை ஆதார் மையத்துக்கு நேரில் போகச் சொல்லுங்க. கைரேகை வச்சாலே புது நம்பரைப் பதிஞ்சிடுவாங்க, பழைய நம்பர் ஓடிபி தேவையே இல்லை" என்றான். அவர் அந்த மையம் எங்கே இருக்கிறது என்று கேட்டார்.