ஒரு நிலமும் நான்கு பங்கீடும்

பொதுச் சிவில் சட்டம் வேண்டும் என்பாரும் வேண்டா என்பாரும் பெரும்பாலும் சமயத்தின் பெயராலேயே வாதிடுகின்றனர். நாம் அவ்வாதத்துள் புகுமுன், நாமக்கல் சமவெளியில் ஒரு நிலத்தை எடுத்துக்கொண்டு, அஃது எங்ஙனம் பங்கிடப்படும் என்று கணக்கிட்டுக் காண்பாம்.

ஒருவர் தம் உழைப்பால் தேடிய 24 ஏக்கர் புன்செய் நிலத்தை விட்டு, உயில் எழுதாமல் இறந்தார் எனக் கொள்வோம். அவர்க்கு மனைவியும், ஒரு மகனும், ஒரு மகளும் உளர். பெற்றோர் முன்னரே மறைந்தனர். அவர் இந்துவாயின், 1956 ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி மூவர்க்கும் எவ்வெட்டு ஏக்கர் உரியதாம். கிறிஸ்தவராயின், 1925 ஆம் ஆண்டின் இந்திய வாரிசுரிமைச் சட்டப்படி மனைவிக்கு மூன்றில் ஒரு பங்கு போக, எஞ்சியதை மக்கள் சமமாகப் பெறுவர், அங்கும் எவ்வெட்டே. முஸ்லிமாயின், மனைவிக்கு எட்டில் ஒரு பங்காகிய 3 ஏக்கர். எஞ்சிய 21 ஏக்கரில் மகனுக்கு 14, மகளுக்கு 7. விளைநிலத்திற்கும் இவ்விதி பொருந்துமாறு 1949 இல் சென்னை மாகாணம் ஷரியத் சட்டத்தைத் திருத்திற்று.

இக்கணக்கைக் கண்டு கிறிஸ்தவராகிய நாம் பெருமை கொள்ளுதற்கு இடமில்லை. திருவிதாங்கூரில் 1916 இல் இயற்றப்பட்ட கிறிஸ்தவ வாரிசுரிமைச் சட்டம், மகன் பங்கில் நான்கில் ஒன்று அல்லது 5,000 ரூபாய், இவற்றுள் எது குறைவோ அதுவே மகளுக்கு உரியது என்றது. மேரி ராய் அம்மையார் தொடுத்த வழக்கில், 1986 இல் உச்சநீதிமன்றம் அச்சட்டம் 1951 இலேயே வழக்கொழிந்தது எனத் தீர்த்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம் அவ்வாண்டில் அந்நாட்டிற்கும் நீட்டப்பட்டமையே காரணம். பழைய விதி அரசியலமைப்பின் சமத்துவ உறுதிக்கு மாறானதா என்னும் வினாவிற்கு நீதிமன்றம் விடை கூறிற்றில்லை. அதற்குத் தேவையில்லை என்று விடுத்தது.

விடப்பட்ட அவ்வினாவே விவாதத்தின் உயிர்நிலை. அரசியலமைப்பின் 14 ஆம் உறுப்பு, சட்டத்தின்முன் யாவரும் சமம் என்கின்றது. 25 ஆம் உறுப்பு சமயத்தைக் கைக்கொள்ளும் உரிமையை ஈகின்றது. ஆயினும் சமய ஒழுக்கத்தோடு இயைந்த உலகியற் செயல்களை அரசு நெறிப்படுத்தலாம் என்றும் அதுவே கூறுகின்றது. பொதுச் சிவில் சட்டத்தை நாடுமாறு பணிக்கும் 44 ஆம் உறுப்போ, அரசுக்கு வழிகாட்டுவதேயன்றி நீதிமன்றத்தில் வலியுறுத்தத் தக்கதன்று. 1951 இல் பம்பாய் உயர்நீதிமன்றம், எழுதப்படாத தனிநபர் சட்டங்களை அடிப்படை உரிமைகளைக் கொண்டு அளத்தல் இயலாது என்று தீர்த்தது. ஆகவே பெண்ணொருத்தி சமத்துவத்தைக் கேட்குங்கால், அவள் சட்டம் எழுதப்பட்டதா, எழுதப்படாததா என்பதே முதற்கண் தடையாய் நிற்கின்றது.

இனி நான்காம் பங்கீட்டைக் காண்பாம். அதற்கு நாமக்கல் சமவெளியை விட்டுக் கொல்லிமலையின்மேல் ஏறல் வேண்டும். அங்கு வாழும் மலையாளிகள் அட்டவணைப் பழங்குடியினர். தெய்வ வழிபாட்டில் அவர்கள் இந்துக்களே. ஆயினும் இந்து வாரிசுரிமைச் சட்டத்தின் 2 ஆம் பிரிவு, நடுவண் அரசு தனியே அறிவித்தாலன்றி, அச்சட்டம் பழங்குடியினரைச் சாராது என்கின்றது. ஆகவே அந்த 24 ஏக்கர் ஊர் வழக்கத்தின்வழிச் செல்லும். நிலம் மகனுக்கே என்பது வழக்கமாயின், மகளுக்கு ஓர் ஏக்கரும் இல்லை. சமவெளியில் முஸ்லிம் மகள் பெறும் ஏழு ஏக்கரைக் குறை என்போர், மலைமேல் உள்ளவளின் வெறுங்கையை எண்ணிற்றிலர்.

நீதிமன்றங்கள் இதனை உணர்ந்துள்ளன. 2023 இல் சென்னை உயர்நீதிமன்றம், பழங்குடிப் பெண்டிர்க்குச் சமபங்கு கிடைக்க அவ்வறிவிப்பைப் பெற முயலுமாறு தமிழ்நாட்டு அரசைப் பணித்தது. 2025 இல் உச்சநீதிமன்றம், கோண்டு இனத்து வழக்கொன்றில், பெண்ணை விலக்கும் வழக்கம் உண்டென்பாரே அதனை மெய்ப்பித்தல் வேண்டும் என்றது. எனினும் வழக்கம் மெய்ப்பிக்கப்பட்டால் என் செய்வது? அதற்கு விடை சட்டமன்றத்திடமே உளது.

உத்தராகண்டம் 2024 இல் இயற்றி, 2025 சனவரியில் நடைமுறைக்குக் கொணர்ந்த பொதுச் சிவில் சட்டமும் பழங்குடியினரை விலக்கியே வைத்தது. அவர்தம் வழக்காறுகளைக் காத்தல் அரசியலமைப்பிற்கு ஏற்றதே. ஆயின் அவ்வாறு காக்கும் நியாயம் பிற சமூகத்தார்க்கு ஏன் பொருந்தாது என்று வினவுவார்க்கு மறுமொழி வேண்டும்; காக்கப்பட்ட வழக்கத்தின்கீழ் வாழும் மகளுக்கும் மறுமொழி வேண்டும். நாட்டிற்கெல்லாம் ஒரே ஏடு என்பது பின்னர் ஆகுக. ஒவ்வோர் ஏட்டிலும் மகனுக்கு எழுதிய அளவு மகளுக்கும் எழுதப்பட்டதா என்பதையே நாம் முதற்கண் வினவுவோம். நான்கு ஏடுகளிலும் எவ்வெட்டு ஏக்கர் என்று எழுதப்படின், ஏடு ஒன்றாயினும் நான்காயினும் அம்மகளுக்கு இழப்பில்லை.