லாபம் வந்தும் சுருங்கிய சொத்து

2022 மார்ச் 7 அன்று இலங்கை மத்திய வங்கி, தன் ரூபாயை இறுக்கிப் பிடித்திருந்த கையைத் தளர்த்தியது. அதுவரை பல மாதங்களாக ஒரு டாலருக்குச் சுமார் 200 ரூபாய் என்று நிறுத்தி வைக்கப்பட்டிருந்த மதிப்பு, அந்த மாதம் முடிவதற்குள் 300-ஐ நெருங்கியது. இந்தியாவின் நிதியாண்டு முடியும் நாளோ மார்ச் 31. கொழும்பில் துணை நிறுவனம் வைத்திருந்த இந்தியக் கம்பெனிகளுக்கு, கணக்கை முடிப்பதற்குச் சுமார் மூன்று வாரங்களுக்கு முன்னால் அளவுகோலே மாறிப்போனது.

அப்படிப்பட்ட கம்பெனிகளில் ஒன்று இந்தியன் ஆயில். இலங்கையில் பெட்ரோல் பங்க்குகள் நடத்தும் லங்கா ஐஓசியில் சுமார் 75 சதவீதப் பங்கு அதன் கையில் இருக்கிறது. லங்கா ஐஓசி விற்பது இலங்கை ரூபாயில், சம்பளம் கொடுப்பது இலங்கை ரூபாயில், கணக்கு எழுதுவதும் அதே ரூபாயில். ஆனால் தாய் நிறுவனம் தன் பங்குதாரர்களுக்குக் காட்ட வேண்டிய ஒருங்கிணைந்த கணக்கு இந்திய ரூபாயில் இருக்க வேண்டும். ஒரு நாட்டுப் பணத்தில் எழுதிய முழுக் கணக்கையும் வேறொரு நாட்டுப் பணத்துக்கு மாற்றியாக வேண்டும்.

இதற்கான விதி இந்தியக் கணக்கியல் தரநிலை 21-இல் இருக்கிறது. பெரிய கம்பெனிகளுக்கு 2016-17 நிதியாண்டிலிருந்து அது நடைமுறையில் உள்ளது. சொத்துகளையும் கடன்களையும் ஆண்டின் கடைசி நாள் விகிதத்தில் மாற்ற வேண்டும். வரவு செலவுகளை அவை நடந்த நாளின் விகிதத்தில் மாற்ற வேண்டும். ஆயிரக்கணக்கான விற்பனைகளுக்கு அப்படி நாள் பார்த்து மாற்றுவது நடக்காத காரியம் என்பதால், சராசரி விகிதத்தைப் பயன்படுத்திக்கொள்ளலாம். இரண்டு விகிதங்கள் ஒரே கணக்கில் புழங்கும்போது ஒரு வித்தியாசம் எழும். அது லாப நட்டக் கணக்குக்குள் நுழையாமல், பங்குதாரர் நிதியில் ‘அந்நியச் செலாவணி மாற்றுக் காப்பு’ என்ற தனி வரியில் போய்ச் சேரும்.

இதை எண்களோடு பார்த்தால்தான் பிடிபடும். சென்னையில் ஒரு கற்பனைக் கம்பெனி. கொழும்பில் உள்ள துணை நிறுவனத்தில் அதற்கு 75 சதவீதப் பங்கு. 2021 ஏப்ரல் 1 அன்று துணை நிறுவனத்தின் நிகர சொத்து, அதாவது சொத்திலிருந்து கடனைக் கழித்த மீதி, 100 கோடி இலங்கை ரூபாய். அந்த ஆண்டின் லாபம் 20 கோடி. ஆண்டு முடிவில் நிகர சொத்து 120 கோடி. கொழும்பில் இருப்பவர்களுக்கு அது நல்ல ஆண்டு.

இனி விகிதங்கள். அப்போதைய சந்தை நிலவரத்தை ஒட்டி, எளிமைக்காக முழு எண்ணாக்கிக்கொள்வோம். ஆண்டின் தொடக்கத்தில் 100 இலங்கை ரூபாய்க்கு 37 இந்திய ரூபாய். ஆண்டுச் சராசரி 36. கடைசி நாளில் 25.

தொடக்கத்தில் இருந்த 100 கோடி, இந்தியப் பணத்தில் 37 கோடி. லாபம் 20 கோடியைச் சராசரி விகிதத்தில் மாற்றினால் 7 கோடியே 20 லட்சம். இரண்டையும் கூட்டினால் 44 கோடியே 20 லட்சம் இருக்க வேண்டும். ஆனால் கடைசி நாள் விகிதத்தில் 120 கோடியை மாற்றினால் கிடைப்பது 30 கோடிதான். லாபத்தில் ஓடிய கம்பெனியின் நிகர சொத்து, சென்னையிலிருந்து பார்க்கும்போது 37 கோடியிலிருந்து 30 கோடியாகச் சுருங்கிவிட்டது. இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் நடுவே 14 கோடியே 20 லட்சம் இடைவெளி.

அந்த இடைவெளி எங்கிருந்து வந்தது என்று இரண்டே வரிகளில் சொல்லிவிடலாம். ஆண்டின் தொடக்கத்திலேயே அங்கே இருந்த 100 கோடி, 37-லிருந்து 25-க்கு இறங்கியதில் 12 கோடி குறைந்தது. ஆண்டு நெடுக ஈட்டிய 20 கோடி, 36-இல் பதிவாகி 25-இல் நின்றதில் 2 கோடியே 20 லட்சம் குறைந்தது. ஆக 14 கோடியே 20 லட்சம். இதில் கால் பங்கான 3 கோடியே 55 லட்சம் துணை நிறுவனத்தின் மற்ற பங்குதாரர்களைச் சேரும். மீதி 10 கோடியே 65 லட்சம்தான் சென்னைக் கம்பெனியின் காப்பில் நட்டமாக உட்காரும்.

இந்த இரண்டு வரிக் கணக்கைப் பல அலுவலகங்களில் போடுவதே இல்லை என்பதுதான் வருத்தம். எல்லாவற்றையும் மாற்றி முடித்ததும் இருப்புநிலைக் குறிப்பின் இரண்டு பக்கமும் ஒட்டாது. ஒட்டாத தொகையை அப்படியே ‘செலாவணி வித்தியாசம்’ என்று எழுதி மூடிவிடுகிறார்கள். தொகை பெரும்பாலும் சரியாகவே இருக்கும். சரியாக இல்லாதபோதுதான் சிக்கல், ஏனென்றால் வேறு எந்தத் தவறும் சத்தமில்லாமல் வந்து ஒளிந்துகொள்ள இதைவிட வசதியான இடம் கணக்கில் கிடையாது.

சென்னைக் கம்பெனி மார்ச் இறுதியில் 2 கோடி இலங்கை ரூபாய்க்கு ஒரு சேவைக் கட்டண பில் அனுப்பியதாக வைத்துக்கொள்வோம். சென்னையின் ஏட்டில் அது வரவேண்டிய பணம். கொழும்பில் அந்த பில்லை இன்னும் பதியவில்லை. இரண்டு கணக்கையும் சேர்க்கும்போது, ஒரு பக்கம் இருக்கும் 50 லட்சம் இந்திய ரூபாய்க்கு மறுபக்கத்தில் ஜோடி இல்லை. அவசரத்தில் அதுவும் செலாவணி வித்தியாசத்தில் சேர்ந்துவிட்டால், காப்பில் 14 கோடியே 70 லட்சம் என்று நிற்கும். இரண்டு வரிக் கணக்கு 14 கோடியே 20 லட்சம்தான் என்கிறது. மிச்சமுள்ள 50 லட்சத்துக்கும் செலாவணிக்கும் சம்பந்தமில்லை, அது கொழும்பில் பதியாமல் விட்ட செலவு என்று ஒரு நல்ல ஆடிட்டர் அரை மணி நேரத்தில் பிடித்துவிடுவார்.

சராசரி விகிதத்திலும் ஒரு கண்ணி இருக்கிறது. விகிதம் பெரிதாக ஏறி இறங்கிய காலத்துக்கு ஆண்டுச் சராசரி பொருந்தாது என்று தரநிலையே சொல்கிறது. 2021-22 அதற்குப் பாடப்புத்தக உதாரணம்: பதினொரு மாதம் அசையாமல் இருந்த விகிதம் கடைசி மாதத்தில் சரிந்தது. கொழும்பின் 20 கோடி லாபத்தில் 8 கோடி, மார்ச்சில் விலை ஏறிய பிறகு வந்தது என்று வைத்துக்கொள்வோம். பழைய விலைக்கு வாங்கிய சரக்கைப் புது விலைக்கு விற்கும் எந்தத் தொழிலிலும் இப்படி நடக்கும். முதல் 12 கோடியை 37-இலும், இந்த 8 கோடியை மார்ச் மாதச் சராசரியாக 28-இலும் மாற்றினால், லாபம் 6 கோடியே 68 லட்சம்தான். ஆண்டுச் சராசரி காட்டிய 7 கோடியே 20 லட்சத்தைவிட 52 லட்சம் குறைவு. அதே 52 லட்சம் காப்பின் நட்டத்திலும் குறையும். முடிவில் நிகர சொத்து இரண்டு வழியிலும் 30 கோடியேதான். ஆனால் பங்குச் சந்தை பார்ப்பது லாபத்தை. சோம்பலாகப் போட்ட ஒரு சராசரி, லாபத்தை உயர்த்திக் காட்டி, குறையைப் பெரும்பாலோர் படிக்காத வரிக்குத் தள்ளிவிடும். மாதவாரிச் சராசரி போட ஆகும் உழைப்பு அதிகமில்லை. இப்படிப்பட்ட ஆண்டில் அதைச் செய்யாமல் விடுவது, என்ன சமாதானம் சொன்னாலும், தவறு.

இந்த வித்தியாசத்தை ஏன் லாப நட்டத்தில் காட்டக்கூடாது என்ற கேள்வி எழும். அதைக் காட்டிப் பார்த்தவர்கள் உண்டு. அமெரிக்காவில் 1975-இல் வந்த எட்டாம் எண் தரநிலை, மாற்று வித்தியாசத்தை நேராக லாபத்தில் சேர்க்கச் சொன்னது. டாலர் மிதக்கத் தொடங்கியிருந்த காலம் அது. தொழிலில் எந்த மாற்றமும் இல்லாமலே பன்னாட்டுக் கம்பெனிகளின் காலாண்டு லாபம் குதித்தது, விழுந்தது. கம்பெனிகளின் எதிர்ப்பு வலுத்து, 1981 டிசம்பரில் 52-ஆம் எண் தரநிலை அதற்குப் பதிலாக வந்தது. வித்தியாசத்தைப் பங்குதாரர் நிதியில் தனியாக வைக்கும் ஏற்பாடு அங்கிருந்து வேர்பிடித்தது. கொழும்பில் உள்ள சொத்து அங்கேயே தொழிலில் கிடக்கிறது, யாரும் அதை விற்று இந்தியாவுக்குக் கொண்டுவரவில்லை என்பதுதான் இதன் நியாயம்.

இந்தச் சலுகை எல்லாச் செலாவணி நட்டத்துக்கும் கிடையாது. கொழும்புக் கம்பெனி டாலரில் சரக்கு வாங்கிப் பாக்கி வைத்திருந்தால், ரூபாய் சரிந்ததும் அந்தப் பாக்கி ஏறும். அது கையிலிருந்து கொடுத்தாக வேண்டிய பணம். அதனால் அந்த நட்டம் துணை நிறுவனத்தின் லாபத்தையே தின்னும், ஒருங்கிணைந்த லாபத்தையும் குறைக்கும். பணமாகத் தீர வேண்டிய வித்தியாசம் லாப நட்டத்தில், கணக்கைத் திருப்பி எழுதியதில் எழுந்த வித்தியாசம் காப்பில் என்று பிரித்துக்கொண்டால் ஆண்டறிக்கை படிப்பவர் தடுமாற மாட்டார்.

அதற்காகக் காப்பில் நிற்கும் நட்டத்தை வெறும் காகித நட்டம் என்று ஒதுக்கிவிட முடியாது. 2022 ஏப்ரலில் கொழும்பு ஒரு கோடி இலங்கை ரூபாய் ஈவுத்தொகை அனுப்பியிருந்தால், முந்தைய ஆண்டு 37 லட்சம் பார்த்த சென்னைக்கு 25 லட்சத்துக்கும் குறைவாகவே வந்திருக்கும். பணம் அங்கேயே இருந்தால் விகிதத்தோடு சேர்ந்து காப்பும் அசையும். 2022 நடுவில் டாலர் 360 இலங்கை ரூபாய் வரை போனபோது 100 இலங்கை ரூபாயின் மதிப்பு சுமார் 22 இந்திய ரூபாய்க்கு இறங்கியது. 2024 மார்ச் இறுதியில் அது சுமார் 28-க்கு மீண்டது. நட்டத்தின் ஒரு பகுதி, யாரும் எதுவும் செய்யாமலே திரும்பி வந்தது.

திரும்பி வரும்வரை காத்திருக்க எல்லோருக்கும் வாய்ப்பதில்லை. துணை நிறுவனத்தை விற்றுவிட்டால், காப்பில் அதன் பெயரில் சேர்ந்திருக்கும் மொத்தத் தொகையும் அந்த ஆண்டின் லாப நட்டக் கணக்குக்கு இடம் மாறியாக வேண்டும். மெக்டொனால்ட்ஸ் ரஷ்யாவை விட்டு வெளியேறுவதாக 2022 மே மாதம் அறிவித்தபோது, அதற்காக 120 முதல் 140 கோடி டாலர் வரை கணக்கில் ஏற்ற வேண்டியிருக்கும் என்றது. அதில் ஒரு பகுதி, முன்பே பங்குதாரர் நிதியில் பதிந்து வைத்திருந்த செலாவணி மாற்று நட்டம் என்று அந்த அறிவிப்பிலேயே சொல்லியிருந்தது. ரூபிள் சரிந்த ஆண்டுகளில் லாபத்தைத் தொடாமல் ஒதுங்கி நின்ற தொகை, விற்கும் நேரத்தில் லாபத்தில் வந்து இறங்கியது.

நம் சென்னைக் கம்பெனி, இதற்கு முந்தைய ஆண்டுகளின் காப்பை விட்டுவிட்டுப் பார்த்தால், தன் 75 சதவீதத்தை ஏட்டு மதிப்பான 22 கோடியே 50 லட்சத்துக்கே விற்றாலும், அந்த ஆண்டு லாப நட்டத்தில் 10 கோடியே 65 லட்சம் நட்டம் காட்ட வேண்டியிருக்கும். பங்குதாரர் நிதியின் மொத்தம் அதனால் மாறாது, ஏற்கெனவே குறைந்திருந்த தொகை வரி மாறுகிறது, அவ்வளவே. மற்ற பங்குதாரர்களின் 3 கோடியே 55 லட்சம் லாப நட்டம் வழியாக வராமலே கணக்கிலிருந்து நீங்கும். விற்காமல், முதலீட்டின் மதிப்பு விழுந்துவிட்டது என்று ஏட்டில் குறைத்து எழுதினால் இது பொருந்தாது. மதிப்பைக் குறைப்பதை விற்பனையாகத் தரநிலை கருதுவதில்லை என்பதால், காப்பில் உள்ள தொகை உண்மையான விற்பனை அல்லது கலைப்பு வரை அங்கேயே இருக்கும்.