பொம்மை போன பிறகு காலரின் உள்பக்கம்

ஆன்லைன் துணிக்கடைப் படங்களில் ஒரு டி-ஷர்ட் தோள் எழும்பி, மார்பு நிறைந்து, யாரோ போட்டிருப்பதுபோல் நிற்கும். உள்ளே ஆளும் இருக்காது, பொம்மையும் இருக்காது. கழுத்து வழியாகப் பார்த்தால் பின்காலரின் உள்பக்கமும், அங்கே தைத்திருக்கும் லேபிளும் தெரியும். ஒரே கிளிக்கில் இப்படி ஒரு படம் கிடைப்பது அரிது. பெரும்பாலும் இரண்டு படங்களை எடுத்து ஒன்றாகச் சேர்த்திருப்பார்கள். அந்த வேலைக்கு ‘கோஸ்ட் மேனெக்வின்’ என்றும், கழுத்தைச் சேர்க்கும் பகுதிக்கு ‘நெக் ஜாயின்ட்’ என்றும் பெயர்.

பொம்மையை அழிப்பதோடு வேலை ஏன் முடிவதில்லை? எந்தச் சட்டையிலும் முன்கழுத்து தாழ்ந்திருக்கும், பின்கழுத்து உயர்ந்திருக்கும். உள்ளே யாரும் இல்லாத சட்டையை எதிரே நின்று பார்த்தால் பின்பக்கத்தின் உள்பகுதி கண்ணில் பட்டே தீரும். பொம்மைக்கு மாட்டி எடுத்த படத்தில் அந்த இடத்தைப் பொம்மையின் கழுத்து மறைத்துவிடுகிறது. கழுத்தை அழித்தால் அங்கே வெள்ளைப் பள்ளம்தான் மிஞ்சும். சட்டையின் மேல்பகுதியைக் கத்தரித்து எறிந்ததுபோல் இருக்கும். மறைந்துபோன அந்தத் துணியைத் தனியாகப் படம்பிடித்துக் கொண்டுவர வேண்டியிருக்கிறது.

திருப்பூரில் தைக்கும் ஒரு போலோ டி-ஷர்ட்டையே எடுத்துக்கொள்வோம். கருநீல நிறம், மடித்த ரிப் காலர், மூன்று பட்டன் வைத்த பட்டி. கழுத்தின் உள்பக்கத் தையலை மறைத்து வெள்ளை நெக் டேப் ஓடுகிறது. அதன் நடுவில் லேபிள் இருக்கிறது.

முதல் படத்துக்கு டி-ஷர்ட்டை இஸ்திரி போட்டுப் பொம்மைக்கு மாட்டி, முதுகுப் பக்கம் கிளிப் போட்டுத் தொய்வை இழுத்துக்கொள்கிறார்கள். கேமரா ட்ரைபாடில் மார்பு உயரத்தில் நிற்கும். ISO 100, அப்பர்ச்சர் f/8 முதல் f/11 வரை வைத்தால் காலர் முதல் கீழ் மடிப்பு வரை எல்லாம் தெளிவாக விழும். ஒயிட் பேலன்ஸை ஆட்டோவில் விடாமல் ஓர் அளவில் நிறுத்திவிட வேண்டும். இரண்டு படங்களுக்கும் நீலம் ஒன்றாக இருக்க வேண்டுமே.

அடுத்து டி-ஷர்ட்டைக் கழற்றி, கழுத்து வடிவில் வெட்டிய வெள்ளை ஃபோம் போர்டு ஒன்றை உள்ளே செருகி, பின்காலர் கேமராவைப் பார்க்கும்படி முன்பக்கத்தைக் கீழே இழுத்துக் கிளிப் போடுகிறார்கள். கேமராவும் விளக்குகளும் இருந்த இடத்தைவிட்டு அசையக் கூடாது. தூரமோ உயரமோ மாறினால் காலரின் வளைவு மாறிப்போகும். பிறகு கணினியில் எவ்வளவு இழுத்தாலும் சரியாக உட்காராது. சில பொம்மைகளில் கழுத்துத் துண்டை மட்டும் கழற்றிவிடலாம். அப்போது சட்டை மாட்டியபடியே உள்பக்கம் தெரிவதால், ஒட்டு வேலை வெகுவாகக் குறையும்.

இனி போட்டோஷாப். Pen Tool கொண்டு டி-ஷர்ட்டின் விளிம்பைச் சுற்றிப் பாதை வரைகிறார்கள். கோடு சரியாக விளிம்பின் மேல் போனால் பொம்மையின் சாம்பல் நிறம் மெல்லிய ஓரமாக ஒட்டிக்கொண்டு வரும். ஆகவே ஒரு பிக்சல் துணிக்குள் தள்ளியே வரைகிறார்கள். வெட்டிய பகுதியை அழிக்காமல் Layer Mask போட்டு மறைத்தால், தவறு தெரியும்போது திரும்பக் கொண்டுவரலாம். உள்காலரையும் இதேபோல் வெட்டி, முன்படத்துக்குக் கீழே தனி லேயராக வைக்கிறார்கள்.

இந்த இடத்தில்தான் நிதானம் வேண்டும். முன்படத்தில் காலரின் மடிப்பு விளிம்பு இரண்டு பக்கமும் மேலேறிப் போய், பொம்மையின் கழுத்துக்குப் பின்னால் மறைகிறது. அது மறையும் இரண்டு புள்ளிகள்தான் நமக்கு அடையாளம். உள்காலரின் மடிப்பு அதே புள்ளியில், அதே தடிமனில், அதே சாய்வில் தொடங்க வேண்டும். முன்படத்தில் அந்த இரு புள்ளிகளுக்கும் இடையே 600 பிக்சல், உள்காலர் படத்தில் 640 பிக்சல் என்று வைத்துக்கொள்வோம். உள்காலரை நீள அகலம் இரண்டிலும் சேர்த்து 94 சதவீதமாகக் குறைக்க வேண்டும். அகலத்தை மட்டும் நெருக்கினால் லேபிளின் எழுத்து ஒடுங்கிவிடும், பார்க்கிறவர் உடனே கண்டுபிடித்துவிடுவார். அளவு சேர்ந்த பிறகு Warp கொண்டு வளைவைத் திருத்துகிறார்கள். ஃபோம் போர்டில் தட்டையாகக் கிடந்த காலர், உடம்பில் இருப்பதைவிடக் குறைவாகவே வளைந்திருக்கும். நடுப்பகுதியைக் கொஞ்சம் கீழே இறக்கினால் போதும். லேபிளின் நடு, பட்டன் பட்டியின் நேர்க்கோட்டில் விழுந்தால் காலர் நேராக இருக்கிறது என்று அர்த்தம்.

இவ்வளவு செய்தும் படம் ஸ்டிக்கர் ஒட்டியதுபோல் தெரிந்தால், குறை நிழலில் இருக்கிறது. ஃபோம் போர்டில் எடுக்கும்போது உள்காலர் மேல் வெளிச்சம் தாராளமாக விழுந்தது. உண்மையான கழுத்துக்குள் அவ்வளவு வெளிச்சம் போகாது. எனவே உள்காலர் லேயரோடு கிளிப் செய்த புது லேயரை Multiply-இல் வைத்து, ஓரம் மங்கிய பிரஷ்ஷால் 10 சதவீத அழுத்தத்தில் பல தடவை லேசாகத் தீட்டுகிறார்கள். முன்காலரை ஒட்டிய கீழ்ப்பகுதியும் இரு பக்க மூலைகளும் அதிகம் இருண்டிருக்கும். மேல் மடிப்பு ஏறக்குறைய அப்படியே வெளிச்சமாக இருக்கும். கறுப்பு நிறத்தால் தீட்டினால் வெள்ளை நெக் டேப் அழுக்குப் படிந்ததுபோல் ஆகிவிடும். துணியிலிருந்தே எடுத்த இருண்ட நீலம் இயல்பாக இருக்கும், ஏனென்றால் நீலத் துணிக்கு நடுவே இருக்கும் வெள்ளை டேப் மேல் அந்த நீலம் கொஞ்சம் படியத்தான் செய்யும்.

சரிபார்ப்பதற்குப் பின்னணியைச் சிறிது நேரம் பளிச்சென்ற பச்சைக்கு மாற்றுகிறார்கள். வெள்ளையில் ஒளிந்திருந்த ஓரங்களும் பொம்மையின் மிச்சமும் அப்போது காட்டிக்கொடுத்துவிடும். படத்தை இடவலமாகத் திருப்பிப் பார்த்தால், பழகிப்போன கண்ணுக்குத் தப்பிய கோணலும் தெரியும். பிறகு வெள்ளைக்குத் திரும்புகிறார்கள். அமேசானில் பொருளின் முதல் படத்துக்குப் பின்னணி RGB 255, 255, 255 என்ற தூய வெள்ளையாக இருக்க வேண்டும். ஆடையில் பொம்மை தெரியவும் கூடாது.

எல்லாத் துணிக்கும் இந்த வழி ஒத்துவராது. வலைத்துணி, லேஸ், மெல்லிய ஷிஃபான் ஆகியவற்றில் பொம்மையின் நிறம் துணி வழியாகவே தெரியும். விளிம்பை எவ்வளவு கவனமாக வெட்டினாலும், உள்ளே கலந்த நிறத்தைப் பிரிக்க முடியாது. அவற்றை மாடலுக்கு அணிவித்து எடுப்பதோ விரித்துப்போட்டு எடுப்பதோ மேல்.

இன்னொரு சிக்கல், உள்காலர் படமே எடுக்காமல் கோப்பு வந்து சேர்வது. அப்போது சட்டையின் வேறு பகுதியிலிருந்து துணியை நகலெடுத்து, வில் வடிவில் வளைத்து உள்பக்கத்தை உருவாக்குகிறார்கள். ஒரே நிறத்தில் இருக்கும் வட்டக்கழுத்து டி-ஷர்ட்டுக்கு இது போதும். நம் போலோவுக்குப் போதாது. டேப் வெள்ளையா நீலமா, லேபிள் தைத்ததா அச்சிட்டதா என்பதைக் கற்பனையில் முடிவுசெய்ய முடியாது. உறுத்தாமல் இருக்க டேப் வேண்டுமா, கழுத்துத் தையல் எப்படி முடிந்திருக்கிறது என்றெல்லாம் பார்த்து வாங்குகிறவர்கள் உண்டு. சட்டையில் இல்லாத டேப்பைப் படத்தில் வரைந்தால் அவர்களிடம் பொய் சொல்கிறோம். எனவே உள்காலரைப் போனிலாவது ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லிக் கேட்டு வாங்கிக்கொண்டு, பிறகு ஒட்டுவதே சரி.