நான்கு வரி அட்டவணை, ஒரு வெள்ளை வீழ்படிவு

வேதியியல் தேர்வில் உப்புப் பகுப்பாய்வுக் கேள்விக்குச் சோதனைக்குழாயோ அடுப்போ தேவையில்லை. ஆய்வகத்தில் யாரோ செய்து பார்த்ததாகச் சொல்லப்படும் முடிவுகள் ஒரு சிறு அட்டவணையில் இருக்கும். X என்ற கரைசலில் உள்ள அயனிகள் எவை என்று மாணவர் சொல்ல வேண்டும். நீலம், பச்சை, செம்பழுப்பு என்று நிறம் இருந்தால் வேலை எளிது. நீல வீழ்படிவு என்றதும் தாமிரத்தையும், செம்பழுப்பு என்றதும் இரும்பையும் நினைக்கலாம். உண்மையில் திணறடிப்பது வெள்ளைதான்.

இப்படி ஒரு கேள்வியை எடுத்துக்கொள்வோம்.

| X கரைசலுடன் சேர்த்தது | கண்டது |
|---|---|
| சோடியம் ஹைட்ராக்சைடு | வெள்ளை வீழ்படிவு. மிகையாகச் சேர்த்தால் கரைகிறது |
| அம்மோனியா கரைசல் | வெள்ளை வீழ்படிவு. மிகையாகச் சேர்த்தாலும் கரையவில்லை |
| நீர்த்த நைட்ரிக் அமிலம், பிறகு பேரியம் குளோரைடு | வெள்ளை வீழ்படிவு |
| பொட்டாசியம் அயோடைடு | மாற்றமில்லை |

முதல் வரியில் 'வெள்ளை' என்ற சொல்லைவிட 'மிகை' என்ற சொல்லுக்குத்தான் மதிப்பு அதிகம். கால்சியமும் மக்னீசியமும் வெள்ளை வீழ்படிவு தரும், ஆனால் எவ்வளவு காரம் ஊற்றினாலும் அது கரையாது. கரைகிறது என்றால், பள்ளிப் பாடத்தில் வரும் அயனிகளில் மிஞ்சுபவை அலுமினியம், துத்தநாகம், காரீயம் ஆகிய மூன்றுதான். இவற்றின் ஹைட்ராக்சைடுகள் ஈரியல்பு கொண்டவை. அமிலத்தில் கரைவதைப் போலவே காரத்திலும் கரைந்துவிடும்.

ஆய்வகத்தில் இதே சோதனையைச் செய்பவர் தவறுவதும் இந்த இடத்தில்தான். அவசரப்பட்டுக் காரத்தை மளமளவென்று ஊற்றினால் வீழ்படிவு தோன்றிய வேகத்தில் கரைந்துவிடும். அவர் 'மாற்றமில்லை' என்று எழுதிவிடுவார். ஒவ்வொரு சொட்டாக விட்டு, குலுக்கி, கறுப்புத் தாளுக்கு முன் பிடித்துப் பார்க்க வேண்டும். அலுமினியம் ஹைட்ராக்சைடு கஞ்சித் தெளிவுபோல் வழவழப்பாகவும் பாதி ஒளி ஊடுருவுவதாகவும் இருப்பதால், வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்தால் கண்ணுக்குத் தப்பிவிடும்.

இரண்டாவது வரி துத்தநாகத்தை நீக்குகிறது. துத்தநாக அயனி அம்மோனியா மூலக்கூறுகளைச் சுற்றிச் சேர்த்துக்கொண்டு நீரில் கரையும் அணைவு அயனியாக மாறும். ஆகவே மிகை அம்மோனியாவில் அதன் வீழ்படிவு கரைய வேண்டும். இங்கே கரையவில்லை. அலுமினியத்துக்கும் காரீயத்துக்கும் அந்த வழி இல்லை. இப்போது இருவர் மட்டும் மிச்சம்.

மூன்றாவது வரியைப் படித்ததும் பலர் 'சல்பேட்' என்று எழுதி, நிம்மதியாக அடுத்த கேள்விக்குப் போய்விடுகிறார்கள். நைட்ரிக் அமிலம் சேர்த்த பிறகும் நிலைக்கும் வெள்ளை வீழ்படிவு பேரியம் சல்பேட்தான் என்பது பொதுவாகச் சரி. கார்பனேட்டாக இருந்தால் அமிலத்தில் நுரைத்துப் போயிருக்கும். ஆனால் X-இல் இருப்பது காரீய நைட்ரேட் என்றால் என்ன ஆகும்? பேரியம் குளோரைடில் உள்ள குளோரைடு அயனி காரீயத்தோடு சேர்ந்து காரீயக் குளோரைடாகப் படியும். அதுவும் வெள்ளைதான்! சல்பேட்டே இல்லாத கரைசலில் சல்பேட் இருப்பதாகத் தோன்றும். விவரம் அறிந்த ஆசிரியர்கள் பேரியம் குளோரைடுக்குப் பதில் பேரியம் நைட்ரேட்டைப் பயன்படுத்தச் சொல்வது இதனால்தான்.

சோதனைக்குழாய் கையில் இருந்தால் சந்தேகத்தைத் தீர்க்க இன்னொரு வழியும் உண்டு. காரீயக் குளோரைடு குளிர்ந்த நீரில் 100 மில்லிக்கு ஏறக்குறைய 1 கிராம் கரையும், கொதிநீரில் 3 கிராமுக்கு மேல் கரையும். எனவே வீழ்படிவோடு நீர் சேர்த்துச் சூடாக்கினால் அது மறைந்து, ஆறும்போது ஊசி ஊசியான படிகங்களாகத் திரும்பி வரும். பேரியம் சல்பேட் சூட்டுக்கு அசையாது.

தாளில் சூடாக்க முடியாது. அங்கே நான்காவது வரிதான் துணை. காரீயம் இருந்திருந்தால் பொட்டாசியம் அயோடைடு பளிச்சென்ற மஞ்சள் வீழ்படிவைத் தந்திருக்கும். மாற்றம் ஏதும் இல்லாததால் காரீயம் விலகுகிறது. அதோடு மூன்றாவது வரியைப் பற்றிய சந்தேகமும் தீர்கிறது. நேரயனி அலுமினியம், எதிரயனி சல்பேட். கடைசி வரியைப் படித்த பிறகுதான் மூன்றாவது வரிக்கு உறுதியான பொருள் கிடைக்கிறது என்பதை விடைத்தாளில் ஒரு வாக்கியமாக எழுதுவது நல்லது.

அப்படியானால் X என்பது அலுமினியம் சல்பேட் என்று முடித்துவிடலாமா? அதற்கு இந்த அட்டவணை போதாது. வீட்டில் கலங்கல் தண்ணீரைத் தெளிய வைக்கவும், முகம் மழித்த பின் தடவவும் பயன்படும் படிகாரத்தைக் கரைத்தாலும் நான்கு வரிகளும் மாறாமல் இப்படியே வரும். படிகாரத்தில் அலுமினியத்தோடும் சல்பேட்டோடும் பொட்டாசியமும் இருக்கிறது, ஆனால் பொட்டாசியம் இந்தச் சோதனைகள் எதிலும் வீழ்படிவு தராது. அதைக் கண்டுபிடிக்க ஐந்தாவதாகச் சுடர்ச் சோதனை வேண்டும். அப்போதும் துளி சோடியம் கலந்திருந்தால் அதன் மஞ்சள் ஒளி பொட்டாசியத்தின் வெளிர் ஊதாவை மூடிவிடும். ஆகவே சுடரைக் கோபால்ட் கலந்த நீலக் கண்ணாடி வழியாகப் பார்க்கிறார்கள். மஞ்சளைக் கண்ணாடி உறிஞ்சிக்கொள்ள, ஊதா மட்டும் கண்ணுக்கு வந்து சேரும்.