விலை ஏறுமா இறங்குமா என்று தெரியாமலே விலை சொல்லலாம்

ஜார்ஜ் டவுன், டத்தோ கெராமாட் சாலையில் இன்று பினாங்கு டைம்ஸ் ஸ்குவேர் இருக்கும் இடத்தில் முன்பு ஈஸ்டர்ன் ஸ்மெல்ட்டிங் என்ற ஈய உருக்காலை இருந்தது. பேராக்கிலிருந்து வந்த தாதுவை அங்கே உருக்கிக் கட்டிகளாக வார்த்துக் கப்பலேற்றினார்கள். நாம் பேச்சில் ஈயம் என்று சொன்னாலும் அது வெள்ளீயம். 1984இல் கோலாலம்பூர் ஈயச் சந்தை தொடங்கும்வரை, வாங்குவோரின் கேட்பு விலைகளைப் பார்த்து அன்றாட ஈய விலை பினாங்கில்தான் நிர்ணயிக்கப்பட்டது.

அந்த ஈயத்தை வைத்தே ஒரு கணக்கைப் பார்ப்போம். எண்கள் எளிமைக்காக நாமே வைத்துக்கொண்டவை. இன்று ஒரு கிலோ 30 ரிங்கிட். ஓராண்டு கழித்து விலை 36 ஆகலாம், அல்லது 27 ஆகலாம். வேறு வழியில்லை என்று வைத்துக்கொள்வோம். வங்கி வட்டி ஆண்டுக்கு 8 விழுக்காடு.

ஒரு வியாபாரி உங்களிடம் வந்து, “அடுத்த ஆண்டு இதே நாளில் 300 கிலோ ஈயத்தைக் கிலோ 30 ரிங்கிட்டுக்கே வாங்கும் உரிமை எனக்கு வேண்டும். பிடித்தால் வாங்குவேன், இல்லையென்றால் விட்டுவிடுவேன்” என்கிறார். இப்படிப்பட்ட உரிமைக்குச் சந்தையில் ‘கால் ஆப்ஷன்’ என்று பெயர். விலை 36 ஆனால் கிலோவுக்கு 6 வீதம் அந்த உரிமையின் மதிப்பு 1,800 ரிங்கிட். 27 ஆனால் அவர் ஏன் உங்களிடம் 30 கொடுத்து வாங்கப்போகிறார்? கடையிலேயே மலிவாகக் கிடைக்குமே. அப்போது அதன் மதிப்பு சுழியம்.

இந்த உரிமைக்கு இன்று அவரிடம் எவ்வளவு கேட்பீர்கள்?

நிகழ்தகவு படித்தவருக்கு உடனே ஒரு வழி தோன்றும். விலை ஏற 90 விழுக்காடு வாய்ப்பு உண்டென்று நம்பினால், 1,800இல் 90 விழுக்காடு 1,620. அது ஓராண்டு கழித்து வரும் பணம் என்பதால் 1.08ஆல் வகுத்தால் இன்றைய மதிப்பு 1,500. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்று நம்புபவருக்கோ ஏறத்தாழ 833தான் வரும். ஆளுக்கொரு விடை! யார் சொல்வது சரி?

இருவர் சொல்வதும் சரியில்லை. ஆரூடத்தை விட்டுவிட்டுக் கிடங்குக்குப் போவோம்.

இன்று 200 கிலோ ஈயம் வாங்குங்கள். அதற்கு 6,000 ரிங்கிட் வேண்டும். அதில் 5,000ஐ வங்கியில் கடனாக எடுங்கள். ஆக, உங்கள் கையிலிருந்து போவது 1,000 மட்டும். ஓராண்டில் கடன் வட்டியோடு 5,400 ஆகும். விலை 36 ஆனால் உங்கள் ஈயம் 7,200 பெறும்; கடனை அடைத்தால் மிச்சம் 1,800. விலை 27 ஆனால் ஈயம் 5,400 பெறும். கடனுக்கே சரியாகப் போய்விடும், மிச்சம் சுழியம்.

இந்த எண்களைக் கவனித்தீர்களா? 1,800 அல்லது சுழியம். அந்த உரிமை தருவதும் இதையேதான். ஈயமும் கடனும் சேர்ந்து அந்த உரிமையின் நகலாகிவிட்டன. நகலைச் செய்ய 1,000 ரிங்கிட் ஆகிறதென்றால், அசலின் விலையும் 1,000தான்.

அது ஏன் 200 கிலோ? விலை 36க்கும் 27க்கும் இடையே ஒரு கிலோ ஈயத்தின் மதிப்பு 9 ரிங்கிட் மாறுகிறது. உரிமையின் மதிப்போ 1,800 மாறுகிறது. 1,800ஐ 9ஆல் வகுத்தால் 200. ஈய அளவு தெரிந்தபின் கடன் அளவு தானாக வரும்: விலை இறங்கினால் 200 கிலோ 5,400 பெறும், கடனும் அன்று அதே 5,400 ஆகியிருக்க வேண்டும். 5,400ஐ 1.08ஆல் வகுத்தால் 5,000.

யாராவது அதற்கு 1,500 கொடுக்கத் தயார் என்றால் தயங்காமல் விற்றுவிடுங்கள். 1,000ஐ வைத்து நகலைச் செய்துகொண்டு 500ஐச் சட்டைப்பையில் போடலாம். விலை எப்படிப் போனாலும் அவருக்குத் தரவேண்டியதை நகலே தந்துவிடும். மாறாக, யாராவது அதை 700க்கு விற்றால், கிடங்கில் ஈயம் வைத்திருக்கும் உருக்காலைக்குக் கொண்டாட்டம். அது 200 கிலோவை 6,000க்கு விற்று, 5,000ஐ வங்கியில் போட்டு, 700க்கு உரிமையை வாங்கும். கையில் 300 மிஞ்சும். ஓராண்டு கழித்து வங்கியில் 5,400 இருக்கும். விலை 27 என்றால் அதைக் கொண்டே 200 கிலோவைத் திரும்ப வாங்கிவிடலாம். 36 என்றால் உரிமை தரும் 1,800ஐயும் சேர்த்து 7,200க்கு வாங்கலாம். இரண்டிலும் பழைய ஈயம் கிடங்குக்கு வந்துவிடும், 300 லாபமாக நிற்கும். இப்படிப் பலரும் செய்யும்போது விலை 1,000த்தை நோக்கி நகர்ந்தாக வேண்டும்.

இந்தக் கணக்கில் விலை ஏறும் வாய்ப்பு எத்தனை விழுக்காடு என்ற கேள்வி எங்குமே வரவில்லை. எனக்கு இந்தப் பாடத்திலேயே மிகவும் பிடித்த இடம் இதுதான். வாய்ப்பு காணாமல் போய்விடவில்லை; அது ஈயத்தின் இன்றைய விலைக்குள் ஏற்கெனவே இருக்கிறது. 90 விழுக்காடு ஏறும் என்று சந்தை முழுவதும் நம்பியிருந்தால், ஈயம் இன்று 30 ரிங்கிட்டுக்குக் கிடைத்திருக்குமா?

இருந்தாலும் நிகழ்தகவு முறையில் கணக்குப் போடும் வசதியை இழக்க வேண்டியதில்லை. ஈயம் சராசரியாக வங்கி வட்டி அளவே வளரும் ஓர் உலகைக் கற்பனை செய்யுங்கள். அங்கே ஓராண்டு கழித்துச் சராசரி விலை 30இன் 1.08 மடங்கு, அதாவது 32.40. 27க்கும் 36க்கும் நடுவில் அந்தச் சராசரி வர, ஏறும் வாய்ப்பு எவ்வளவு இருக்க வேண்டும்? 32.40இலிருந்து 27ஐக் கழித்தால் 5.40, அதை 9ஆல் வகுத்தால் 0.6. இதற்கு இடர்நடுநிலை நிகழ்தகவு என்று பெயர். இப்போது 1,800இல் 60 விழுக்காடு 1,080, அதை 1.08ஆல் வகுத்தால் மறுபடியும் அதே 1,000. இந்த 60 விழுக்காட்டை வானிலை அறிக்கை போல எடுத்துக்கொள்ளக் கூடாது. நகலின் விலையைச் சுருக்கமாகக் கணக்கிட உதவும் ஒரு கருவி, அவ்வளவுதான்.

இரண்டு கிளை கொண்ட இந்தப் படத்தை ஈருறுப்பு மரம் என்பார்கள். ஜான் காக்ஸ், ஸ்டீபன் ராஸ், மார்க் ரூபின்ஸ்டைன் ஆகிய மூவரும் 1979இல் எழுதிய கட்டுரையால் இது பரவலாயிற்று. உண்மையில் விலை இரண்டே இடத்தில் நிற்காது என்பது அவர்களுக்கும் தெரியும். அதனால் ஓராண்டை வாரங்களாகவும் நாள்களாகவும் வெட்டி, ஒவ்வொரு துண்டிலும் இரண்டு கிளை போட்டு, நகலில் உள்ள ஈய அளவைத் துண்டுக்குத் துண்டு திருத்திக்கொண்டே போவார்கள். எளிமைக்காக நாம் கிடங்கு வாடகையையும் கணக்கில் சேர்க்கவில்லை.

மரத்தில் இல்லாத கிளைக்கு விலை தாவினால் என்ன ஆகும்? ஈயச் சந்தை அதைக் கண்டிருக்கிறது. அனைத்துலக ஈய மன்றம் கையிருப்பை வாங்கியும் விற்றும் விலையை ஒரு தரைக்கும் கூரைக்கும் இடையே நிறுத்தி வந்தது. 1985 அக்டோபர் 24 அன்று அதன் பணம் தீர்ந்துபோனது. லண்டன் உலோகச் சந்தையில் ஈய வணிகம் நின்றது. கோலாலம்பூர்ச் சந்தையும் மூடப்பட்டது. மறு ஆண்டில் விலை ஏறத்தாழ பாதியாகச் சரிந்தது.

நம் கணக்கில் அப்படி விலை 18க்கு விழுந்தால், 200 கிலோ ஈயம் 3,600தான் பெறும். வங்கிக்கு 5,400 தர வேண்டும். உரிமை வாங்கியவருக்கு நீங்கள் எதுவும் தர வேண்டாம், ஆனாலும் 1,800 ரிங்கிட் பள்ளம் விழுகிறது. வழியிலேயே ஈயத்தை விற்றுக் கடனைக் குறைத்திருந்தால் தப்பியிருக்கலாம். சந்தை மூடிக் கிடக்கும்போது யாரிடம் போய் விற்பது?

இனி நீங்களே ஒன்று செய்து பாருங்கள். மற்ற எண்கள் எல்லாம் அதேபோல் இருக்கட்டும். வாங்கும் விலையை மட்டும் கிலோவுக்கு 33 ரிங்கிட் ஆக்குங்கள். நகல் வழியில் எத்தனை கிலோ ஈயம், எவ்வளவு கடன் என்று முதலில் கண்டுபிடியுங்கள். பிறகு 60 விழுக்காட்டை வைத்து அதே விலையைக் கணக்கிடுங்கள். இரண்டு வழியிலும் 500 ரிங்கிட் வர வேண்டும்.