பக்கக் கணக்கும் மொழிபெயர்ப்பாளரின் மறுப்பும்

ஆங்கில நூலைத் தமிழாக்கும் பணிக்குப் பதிப்பகங்கள் பெரும்பாலும் பக்கத்துக்கு இவ்வளவு என்றோ, சொல்லுக்கு இவ்வளவு என்றோ கூலி பேசுகின்றன. இதில் பக்கக் கணக்கே அதிகக் குழப்பம் தருவது. எந்தப் பக்கம் என்பது பல ஒப்பந்தங்களில் எழுதப்படுவதில்லை. 320 பக்க ஆங்கில நூல் ஒன்றில் பக்கத்துக்கு 350 சொற்கள் இருப்பதாகக் கொள்ளலாம். வேற்றுமை உருபுகளும் துணைவினைகளும் சொல்லோடு ஒட்டிக்கொள்வதால் தமிழில் சொற்களின் எண்ணிக்கை குறையும். ஆனால் சொற்கள் நீளும். டெமி அளவில் அச்சிட்டால் அதே நூல் 400 பக்கத்தைத் தொடலாம். பக்கத்துக்கு 150 ரூபாய் என்றால், மூலப் பக்கக் கணக்கில் 48,000 ரூபாய், தமிழ்ப் பக்கக் கணக்கில் 60,000 ரூபாய். ஜெர்மனியில் இந்தக் குழப்பத்தைத் தவிர்க்க, வரிக்கு அதிகபட்சம் 60 எழுத்துகளாக 30 வரிகள் கொண்ட ‘நியமப் பக்கம்’ என்ற அளவு வழக்கத்தில் இருக்கிறது. தமிழில் அப்படிப் பொது அளவு ஏதும் நிலைபெறவில்லை.

பக்கம் எது என்று தெளிவானாலும், அதற்குள் இருக்கும் உழைப்பு ஒரே அளவானதல்ல. உரையாடல் நிறைந்த பக்கம் விரைவாக நகரும். மேற்கோள், அடிக்குறிப்பு, துறைச்சொல் நிறைந்த பக்கமோ அரைநாளை விழுங்கிவிடும். அதனால் ஒப்புக்கொள்ளும் முன் மாதிரி மொழிபெயர்ப்பு செய்து பார்ப்பது அவசியம். முதல் அத்தியாயத்தை மட்டும் செய்து பார்ப்பது போதாது. பல நூல்களில் அதுதான் எளிமையான பகுதி. தொடக்கம், நடு, மிகக் கடினமான இடம் ஆகியவற்றில் இரண்டிரண்டு பக்கங்களை எடுத்து, கடிகாரம் வைத்துச் செய்ய வேண்டும்.

மேற்சொன்ன நூலின் எளிய பக்கத்துக்கு 40 நிமிடம், நடுத்தரமானதுக்கு ஒரு மணி நேரம், கடினமானதுக்கு 80 நிமிடம் ஆனதாகக் கொள்வோம். சராசரி, பக்கத்துக்கு ஒரு மணி நேரம். ஆக முதல் வரைவுக்கு 320 மணி நேரம். பலர் கணக்கை இங்கேயே முடித்துக்கொள்கிறார்கள். பின்னால் வருந்துவதற்குக் காரணமும் அதுதான். வரைவை மூலத்தோடு வரிவரியாக ஒப்பிட்டுத் திருத்த பக்கத்துக்கு அரைமணி என்றால் 160 மணி நேரம் கூடும். பெயர்களும் கலைச்சொற்களும் நூல் முழுக்க ஒரே சீராக வந்திருக்கின்றனவா என்று பார்த்து, மெய்ப்பும் படிக்க இன்னும் 80 மணி நேரம். மொத்தம் 560 மணி நேரம். நாளுக்கு ஐந்து மணி நேரம் உழைத்தால் 112 வேலைநாட்கள், அதாவது நான்கு மாதத்துக்கும் மேல். 48,000 ரூபாயை 560ஆல் வகுத்தால் மணிக்கு சுமார் 86 ரூபாய் மட்டுமே கிடைக்கிறது. பக்கத்துக்கு 100 ரூபாய் கூட்டித் தந்தாலும் மணிக்கு 143 ரூபாயைத் தாண்டாது.

இந்த விகிதம் குறைவாக இருப்பதற்குப் பதிப்பாளரின் பக்கத்திலும் காரணம் உண்டு. 400 ரூபாய் விலையில் 500 பிரதிகள் அச்சிட்டு, எல்லாம் விற்றாலும் மொத்த வரவு இரண்டு லட்சம். விற்பனையாளர் கழிவு, அச்சு, தாள், மூல உரிமைக்கான தொகை எல்லாம் போக மிஞ்சுவதில்தான் மொழிபெயர்ப்புக் கூலி வர வேண்டும். இந்த நெருக்கடி உண்மையானது. ஆனால் அதை மொழிபெயர்ப்பாளரே முழுதாகச் சுமக்க வேண்டும் என்பது நியாயமல்ல. பணம் கூட்ட முடியாத பதிப்பகம் வேறு வழிகளில் ஈடுசெய்யலாம்: விற்பனையில் ராயல்டி, மறுபதிப்புக்குத் தனித்தொகை, உரிமைக்குக் காலவரம்பு. இந்தியப் பதிப்புரிமைச் சட்டம், 1957இன் 19ஆம் பிரிவின்படி, உரிமை மாற்றிக்கொடுக்கும் ஆவணத்தில் காலம் குறிப்பிடப்படாவிட்டால் அது ஐந்து ஆண்டுகள் என்றே கொள்ளப்படும். ‘எல்லா உரிமைகளும் நிரந்தரமாக’ என்ற வாசகமும் குறைந்த பக்க விகிதமும் ஒன்றாக வந்தால், அந்த ஒப்பந்தத்தை ஏற்கக் காரணம் மிகக் குறைவு.

பேசியும் இடைவெளி குறையாதபோது மறுக்க வேண்டும். அதைக் கையெழுத்துக்கும் முன்பணத்துக்கும் முன்பே செய்துவிட வேண்டும். வரவில் இருபது பக்கங்கள் செய்துவிட்டு விலகுவது பதிப்பகத்தின் அட்டவணையைக் குலைக்கும். தயங்கித் தொடர்ந்தாலோ, கூலிக்கேற்ற அவசரம் நூலில் விழும். திருத்தும் நேரத்தைத்தான் முதலில் வெட்டுவார்கள். வாக்கியங்கள் ஆங்கில அமைப்பிலேயே நிற்பதும், ஒரே பெயர் இரண்டு விதமாக வருவதும் அதன் அடையாளங்கள்.

மறுப்புக் கடிதம் ஒரு பக்கத்துக்குள் அடங்கலாம். மாதிரிப் பக்கங்களுக்கு ஆன நேரம், அதன்படி வரும் மொத்த மணிக்கணக்கு, எந்தத் தொகைக்கு இதை ஏற்க முடியும் என்பது ஆகிய மூன்றும் அதில் இருந்தால் போதும். வேலை மிகுதி என்று சாக்குச் சொன்னால் பதிப்பாளர் அடுத்தவரிடமும் அதே விகிதத்தையே நீட்டுவார். காரணம் விகிதம்தான் என்று எழுத்தில் சொல்லிவிடுவதே சரி.